செலவுச் சார்பும் ஈடுசெய்த தேவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருமானத்துக்குள் பயன்பாட்டைப் பெருமமாக்கத் தெரியும். அதைத் திருப்பிப் போட்டு ஏன் செலவைச் சிறுமமாக்க வேண்டும்?

முதல் கணக்கில் வருமானம் அசையாமல் நிற்கிறது. விலை ஏறினால் நுகர்வோர் கீழான சமநோக்கு வளைகோட்டுக்கு இறங்கிவிடுகிறார். அங்கே காணும் தேவை மாற்றத்தில் இரண்டு விளைவுகள் கலந்திருக்கின்றன. ஒரு பொருள் மற்றதைவிட விலை கூடியதால் அதைக் குறைத்தது ஒன்று. கையிலுள்ள பணத்தின் வாங்கும் திறன் சுருங்கியதால் குறைத்தது மற்றொன்று. இரண்டாவது கணக்கில் வளைகோட்டை அசையாமல் நிறுத்திவிட்டு, அந்த வளைகோட்டைத் தொட மிகக் குறைந்த செலவு எவ்வளவு என்று கேட்கிறோம். நிலை மாறாததால் விலை விகிதத்தின் விளைவு மட்டுமே எஞ்சுகிறது. அப்படிக் கிடைக்கும் அளவுகளே ஈடுசெய்த தேவை. அவற்றுக்கு ஆகும் மொத்தத் தொகையை விலைகளையும் இலக்குப் பயன்பாட்டையும் சார்ந்த ஒன்றாக எழுதினால் அது செலவுச் சார்பு.

கணக்கை எங்கே தொடங்கி எப்படி முடிப்பது? ஒரு எடுத்துக்காட்டு வேண்டும்.

ஒரு குடும்பம் மாதத்தில் x லிட்டர் பாலும் y வாழைப்பழமும் வாங்குகிறது என்று கொள்வோம். பயன்பாட்டுச் சார்பு u = √(xy). பால் லிட்டர் 40 ரூபாய், பழம் ஒன்று 10 ரூபாய், எட்ட வேண்டிய இலக்கு u = 30. எண்களை வர்க்கமூலம் சீராக வரும்படி தேர்ந்திருக்கிறேன். சந்தை விலைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டாம்.

பாலின் விலையை px என்றும் பழத்தின் விலையை py என்றும் குறித்தால், சிறுமமாக்க வேண்டியது px·x + py·y; கட்டுப்பாடு √(xy) = u. லெக்ராஞ்சிச் சார்பை இப்படி எழுதுகிறோம்:

L = px·x + py·y + λ(u − √(xy))

x, y இரண்டையும் பொறுத்துப் பகுதி வகைக்கெழு எடுத்துப் பூச்சியத்துக்குச் சமன்படுத்தினால் இரண்டு நிபந்தனைகள் வருகின்றன:

px = (λ/2)·√(y/x)
py = (λ/2)·√(x/y)

முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் λ நீங்கிவிடுகிறது; px/py = y/x என்று எஞ்சுகிறது. இறுதிநிலைப் பதிலீட்டு வீதம் விலை விகிதத்துக்குச் சமம் என்ற பழைய நிபந்தனைதான் இது. பலரும் இந்த இடத்தில் பழக்கத்தால் வருமானக் கோட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கணக்கில் வருமானமே கிடையாது. y = (px/py)·x என்பதைக் கட்டுப்பாட்டில்தான் இட வேண்டும்; அதாவது u = √(xy) என்பதில். அப்போது u = x·√(px/py) ஆகிறது. அதிலிருந்து:

x = u·√(py/px)
y = u·√(px/py)

இவற்றைச் செலவில் இட்டால், பாலுக்கு u·√(px·py), பழத்துக்கும் அதே தொகை, ஆக மொத்தம்

e(px, py, u) = 2u·√(px·py)

நம் எண்களில் √400 = 20. எனவே செலவு 2 × 30 × 20 = 1200 ரூபாய். பால் 15 லிட்டர், பழம் 60. சரிபார்க்க: 15 × 40 = 600, 60 × 10 = 600, √(15 × 60) = √900 = 30.

அந்த λ எதற்கு? கணக்கில் நீக்கிவிட்டோமே.

இரண்டு நிபந்தனைகளையும் பெருக்கினால் px·py = λ²/4, அதாவது λ = 2√(px·py) = 40. செலவுச் சார்பை u-ஐப் பொறுத்து வகைப்படுத்தினாலும் இதே 40 வருகிறது. பயன்பாட்டை ஓர் அலகு உயர்த்த ஆகும் கூடுதல் செலவு அது. இரண்டு வழியிலும் ஒரே எண் வராவிட்டால் e-ஐக் கணக்கிட்டதில் எங்கோ பிழை இருக்கிறது என்று அறியலாம்.

ஈடுசெய்த தேவை வழியிலேயே கிடைத்துவிட்டதே. பிறகு ஏன் e-ஐ வகைப்படுத்தி அதையே மறுபடி எடுக்கிறார்கள்?

இந்த எடுத்துக்காட்டில் அது சரிபார்ப்பு மட்டுமே; ஒப்புக்கொள்கிறேன். px-ஐப் பொறுத்து வகைப்படுத்தினால்

∂e/∂px = 2u·√py·(1/(2√px)) = u·√(py/px)

முன்பு வந்த x அப்படியே வருகிறது. இந்த விதி ஷெப்பர்டின் துணைத்தேற்றம் என்று வழங்குகிறது. ரொனால்ட் ஷெப்பர்ட் 1953-இல் இதை நிறுவனத்தின் உற்பத்திச் செலவுக்காக எழுதினார். லயனல் மெக்கென்சி 1957-இல் நுகர்வோர் தேவைக் கோட்பாட்டைக் குறைந்தபட்ச வருமானம் என்ற இதே கருத்தின் மேல் கட்டினார்.

விதியின் உண்மையான பயன், பயன்பாட்டுச் சார்பு கையில் இல்லாமல் செலவுச் சார்பு மட்டும் இருக்கும்போது தெரியும். குடும்பச் செலவுத் தரவுகளை வைத்துத் தேவையை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்துதான் வருகிறார்கள். டீட்டனும் முயல்பாவரும் 1980-இல் வெளியிட்ட தேவை மாதிரியின் தொடக்கப் புள்ளியே ஒரு செலவுச் சார்புதான். அதை வகைப்படுத்தி, ஒவ்வொரு பொருளும் மொத்தச் செலவில் பெறும் பங்கை அவர்கள் எடுத்தார்கள். அதற்குரிய பயன்பாட்டுச் சார்பை வெளிப்படையான வாய்ப்பாடாக எழுத வேண்டிய தேவையே எழவில்லை. ஒவ்வொரு முறையும் லெக்ராஞ்சிச் சமன்பாடுகளைத் தீர்ப்பதைவிட ஒரு வகைக்கெழு எடுப்பது எவ்வளவு எளிது என்பது மூன்று நான்கு பொருள்களை வைத்துச் செய்து பார்த்தவருக்குப் புரியும்.

பால் விலை ஏறினால் வாங்கும் பாலின் அளவும் பழத்தின் அளவும் மாறுமே. வகைக்கெழுவில் அந்த மாற்றங்கள் எங்கே போயின?

இந்தப் பாடத்தின் உயிர்நிலையான கேள்வி இதுதான். பெருக்கல் விதிப்படி எழுதினால் உண்மையில் மூன்று உறுப்புகள் வர வேண்டும்:

∂e/∂px = x + px·(∂x/∂px) + py·(∂y/∂px)

பின்னிரண்டும் சேர்ந்து பூச்சியமாகின்றன. காரணம் முதல்நிலை நிபந்தனைகளில் இருக்கிறது. px என்பது λ மடங்கு பாலின் இறுதிநிலைப் பயன்பாடு. py என்பது λ மடங்கு பழத்தின் இறுதிநிலைப் பயன்பாடு. அவற்றை இட்டால் பின்னிரண்டு உறுப்புகளும் சேர்ந்து, λ பெருக்கல் பயன்பாட்டில் ஏற்படும் மாற்றம் என்றாகிவிடுகின்றன. இலக்கு 30-இலேயே நிற்பதால் அந்த மாற்றம் பூச்சியம்.

இதை எண்ணில் பார்த்தால் ஐயம் தீரும். பால் 40-இலிருந்து 41 ஆகட்டும். குடும்பம் பழைய கூடையையே வாங்கினால் 15 லிட்டருக்கு 15 ரூபாய் கூடும், செலவு 1215. ஆனால் அவர்கள் கூடையைச் சற்று மாற்றலாம். புதிய ஈடுசெய்த அளவுகள் 14.816 லிட்டர் பாலும் 60.745 பழமும் ஆகும். பாலில் 0.184 லிட்டர் குறைத்ததால், துல்லியமாகக் கணக்கிட்டால், மிச்சம் 7.546 ரூபாய், பழத்தைக் கூட்டியதால் செலவு 7.454 ரூபாய். இவ்வளவு மாற்றியும் கைக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 9 காசு. வாய்ப்பாட்டில் நேரே இட்டாலும் 60 × √410 = 1214.91 என்றே வருகிறது.

விலை 1 ரூபாய்க்குப் பதிலாக 10 காசு மட்டும் ஏறினால், பழைய கூடைக்கு ஆகும் கூடுதல் 1 ரூபாய் 50 காசு. கூடையை மாற்றுவதால் வரும் மிச்சமோ ஒரு காசில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விலையேற்றம் பத்தில் ஒன்றானால் மிச்சம் நூறில் ஒன்றாகிறது. வகைக்கெழு என்பது மிகச் சிறிய மாற்றத்தின் எல்லை என்பதால் அதில் x மட்டும் நிற்கிறது. உறைத் தேற்றம் என்று நூல்கள் சொல்வதன் உள்ளடக்கம் இந்தக் காசுக் கணக்குத்தான்.

இது ஏன் நிகழ்கிறது என்றால், கூடை ஏற்கெனவே மிகச் சிறந்ததாக இருக்கிறது. சிறுமப் புள்ளியில் தரை சமதளமாக இருக்கும். அங்கிருந்து சற்று நகர்ந்தாலும் உயரம் ஏறக்குறைய மாறாது. கூடை சிறந்ததாக இல்லாத இடத்தில், எடுத்துக்காட்டாகப் பங்கீட்டு வரம்பால் குடும்பம் விரும்பிய அளவு வாங்க முடியாத இடத்தில், இந்த நீக்கல் நடக்காது.

நான் e-ஐ px-ஐப் பொறுத்து வகைப்படுத்தினால் பூச்சியம் வருகிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் u-இன் இடத்தில் மறைமுகப் பயன்பாட்டை முன்கூட்டியே இட்டிருப்பீர்கள். வருமானம் m கொண்டு அடையக்கூடிய பயன்பாடு m/(2√(px·py)). அதை e = 2u·√(px·py) என்பதில் இட்டால் எல்லாம் நீங்கி e = m என்று மட்டும் எஞ்சும்; அதன் வகைக்கெழு பூச்சியமே. நீங்கள் செய்த கணக்கு தவறில்லை, வேறொரு கேள்விக்கு விடை கண்டிருக்கிறீர்கள்: ஒருவர் தம் வருமானத்தால் அடைந்த நிலையை அடைய அதே வருமானம் தேவை என்ற உண்மையை.

செய்ய வேண்டிய வரிசை இது. u-ஐ ஓர் எண்ணைப் போல அசையாமல் பிடித்துக்கொண்டு முதலில் வகைப்படுத்துங்கள். x = u·√(py/px) கிடைத்த பிறகு, வேண்டுமானால் u-இன் இடத்தில் m/(2√(px·py)) இடுங்கள். x = m/(2px) என்று வரும். அது வருமானம் மாறாதபோதுள்ள சாதாரணத் தேவை, அதாவது மார்ஷலின் தேவை. ஒரே கணக்கில் வரிசையை மாற்றினால் ஒருபுறம் பூச்சியமும் மறுபுறம் தேவைச் சார்பும் கிடைப்பதால், தேர்வுத்தாளில் இந்த இடம் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது.

விலை பெரிதாக ஏறினால் இந்தச் சார்பை வைத்து என்ன கண்டுபிடிக்கலாம்?

பால் 40-இலிருந்து 90-க்கு ஏறுகிறது என்று வைப்போம். √(90 × 10) = 30. பழைய நிலையிலேயே இருக்கத் தேவையான செலவு 2 × 30 × 30 = 1800 ரூபாய். ஈடுசெய்த தேவை 10 லிட்டர் பால், 90 பழம். எனவே குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகை 600 ரூபாய்.

ஒரு கடைக்காரரிடம் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்: பழைய 15 லிட்டருக்கு லிட்டருக்கு 50 ரூபாய் கூடியது, ஆகவே 750 கொடுங்கள் என்பார். நிலையான கூடையை வைத்து வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் கணக்கிடும் முறையும் இதுவே. பழைய கூடைக்குப் புதிய விலையில் ஆகும் 1950-ஐ 1200-ஆல் வகுத்தால் 1.625, செலவுச் சார்பின்படி 1800-ஐ 1200-ஆல் வகுத்தால் 1.5. இடையிலுள்ள 150 ரூபாய், குடும்பம் பாலைக் குறைத்துப் பழத்தைக் கூட்ட முடியும் என்பதன் மதிப்பு. மேலே 9 காசாக இருந்த அதே மிச்சம், விலையேற்றம் பெரிதானபோது 150 ரூபாயாக வளர்ந்துவிட்டது. சமமான நிலைக்கு ஆகும் செலவை வைத்தே உண்மையான வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணை வரையறுக்க வேண்டும் என்று ரஷ்யப் பொருளியலாளர் கோன்யூஸ் 1924-இலேயே எழுதினார்.

இந்த 600 ரூபாயை வேறொரு வழியிலும் பெறலாம். செலவுச் சார்பின் வகைக்கெழு ஈடுசெய்த தேவை என்றால், ஈடுசெய்த தேவையை 40 முதல் 90 வரை தொகையிட்டால் செலவின் வேறுபாடு வர வேண்டும்; 600 சரியாகவே வருகிறது. வருமானம் 1200-இலேயே நிற்கும் சாதாரணத் தேவையை அதே எல்லைகளுக்குள் தொகையிட்டால் 600 × ln 2.25, அதாவது சுமார் 487 ரூபாய்தான் வரும். நுகர்வோர் உபரியின் இழப்பை ஈட்டுத்தொகை என்று எழுதினால் இந்த எடுத்துக்காட்டில் 113 ரூபாய் குறைவாகக் கொடுத்தவராவீர்கள்.

அளவுகளிலும் இதே பிரிவு தெரிகிறது. ஈட்டுத்தொகை கொடுத்தால் பால் 15-இலிருந்து 10 லிட்டராகிறது. இது பதிலீட்டு விளைவு. ஈட்டுத்தொகை இல்லாவிட்டால் 1200 ÷ 180 = 6.67 லிட்டர்வரை இறங்குகிறது, 10-இலிருந்து 6.67 வரையுள்ள பகுதி வருமான விளைவு.

பயன்பாடு 30 என்றால் என்ன பொருள்? அளக்க முடியாத ஒன்றை இலக்காக வைக்கலாமா?

30 என்பது ஒரு சமநோக்கு வளைகோட்டின் பெயர்ப்பலகை மட்டுமே. √(xy) என்பதற்குப் பதில் xy என்றே எழுதினால் அதே வளைகோட்டின் பலகையில் 900 என்று இருக்கும். அப்போது w என்பது புதிய பலகை எண் என்றால், e = 2√w·√(px·py). 900 இட்டால் செலவு அதே 1200, பால் அதே 15 லிட்டர். மாறுவது λ ஒன்றுதான்: முன்பு 40, இப்போது 20 ÷ 30 = 0.67. ஆகவே தேவை அளவுகளையும் ரூபாய்த் தொகைகளையும் நம்பலாம். λ-இன் எண் மதிப்பை வைத்து இரண்டு குடும்பங்களை ஒப்பிடக் கூடாது.

ஒரு சார்பைக் கொடுத்து, இது செலவுச் சார்பா என்று கேட்டால் எப்படிச் சோதிப்பது?

எல்லா விலைகளும் இரட்டிப்பானால் செலவும் இரட்டிப்பாக வேண்டும். எந்த விலை ஏறினாலும் செலவு குறையக் கூடாது. u ஏறினால் செலவு ஏற வேண்டும். விலைகளைப் பொறுத்துச் சார்பு குழிவாக இருக்க வேண்டும். மாணவர்கள் முதல் சோதனையோடு நின்றுவிடுவதுண்டு. e = u·px²/py என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விலைகளை இரட்டிப்பாக்கினால் இதுவும் இரட்டிப்பாகிறது. ஆனால் px-ஐப் பொறுத்து வகைப்படுத்தினால் 2u·px/py வருகிறது. பால் விலை ஏற ஏற, பயன்பாடு மாறாத நிலையில், அதிகப் பால் வாங்குகிறார் என்று பொருள். py-ஐப் பொறுத்து வகைப்படுத்தினால் பழத்தின் அளவு எதிர்ம எண்ணாகிறது. இது எவருடைய செலவுச் சார்பாகவும் இருக்க முடியாது.

குழிவு ஏன் தேவை என்பதற்கு மேலே பார்த்த 1215-உம் 1214.91-உம் விடை. பழைய கூடையை மாற்றாமல் வாங்கினால் செலவு ஒரு நேர்கோடாக ஏறும். கூடையை மாற்றும் உரிமை இருப்பதால் உண்மைச் செலவு அந்தக் கோட்டைத் தாண்டாது. ஒவ்வொரு புள்ளியிலும் தொடுகோட்டுக்கு மேலே போகாத வளைகோடு குழிவாகத்தான் இருக்கும்.

சார்பு தேறிவிட்டால் அதன் பின்னாலுள்ள விருப்பங்களையும் மீட்கலாம். e = 2u·√(px·py) மட்டும் கையில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். இரண்டு வகைக்கெழுக்களையும் எடுத்துப் பெருக்கினால் விலைகள் நீங்கி xy = u² என்றாகிறது. நாம் தொடங்கிய √(xy) திரும்பி வந்துவிட்டது.

இந்த முறை எங்கே செல்லாது?

மூன்று இடங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். இவை ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல.

இரண்டு பொருள்களும் சம அளவில் சேர்ந்தே பயன்படுமானால், u = min(x, y), வளைகோட்டில் முனை இருப்பதால் அந்த முனையில் லெக்ராஞ்சி நிபந்தனைகளை எழுதவே முடியாது. ஆனால் யோசித்துப் பார்த்தாலே e = u(px + py) என்று தெரிகிறது; அதை வகைப்படுத்தினால் x = u என்று சரியான விடை வருகிறது. ஆக, வளைகோட்டின் முனை துணைத்தேற்றத்தைக் கெடுப்பதில்லை.

ஒன்றுக்கு ஒன்று முழுமையாக ஈடாகும் பொருள்களுக்கு, u = x + y, நிலைமை தலைகீழ். வளைகோடு நேர்கோடு; e = u·min(px, py). விலைகள் சமமாகும் இடத்தில் செலவுச் சார்பிலேயே முனை விழுகிறது, அங்கே வகைக்கெழு இல்லை. எந்தக் கலவையை வாங்கினாலும் ஒரே செலவு என்பதால் தேவை ஒற்றை எண்ணாக இல்லை என்பதையே அந்த முனை சொல்கிறது.

மூன்றாவது, நடைமுறையில் அதிகம் ஏமாற்றுவது. u = 2√x + y, px = 10, py = 40 என்று வையுங்கள். நிபந்தனைகளைத் தீர்த்தால் x = (py/px)² = 16; y = u − 8. இலக்கு 20 என்றால் சிக்கலில்லை. இலக்கு 6 என்றால் y = −2. வாய்ப்பாடு சொல்லும் செலவு 160 − 80 = 80 ரூபாய்; அதாவது இல்லாத இரண்டு அலகுகளை விற்று 80 ரூபாய் வாங்கியதாகக் கணக்கு வைத்திருக்கிறது. உண்மையில் y = 0 என்று நிறுத்தி, 2√x = 6 என்பதிலிருந்து x = 9 என்று காண வேண்டும்; செலவு 90 ரூபாய். u எட்டுக்குக் குறைவாக உள்ள இந்தப் பகுதியில் e = px·u²/4 என்ற தனி வாய்ப்பாட்டை எழுத வேண்டும். அதை px-ஐப் பொறுத்து வகைப்படுத்தினால் 36/4 = 9 சரியாக வருகிறது; py-ஐப் பொறுத்து வகைப்படுத்தினால் பூச்சியம், வாங்காத பொருளுக்கு உரிய அளவு. தவறான 80 ரூபாய்ச் சார்பையும் வகைப்படுத்தலாம், அதுவும் எந்தத் தடையுமின்றி 16, −2 என்று விடை தரும். ஆகவே வகைப்படுத்தும் முன்பே அளவுகளின் குறியைப் பார்த்துவிடுங்கள்.